ஓயாமல் அழைக்கும் வாடிக்கையாளர்: சரவணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சரவணா,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். கட்டு பிரித்ததும் அடுப்படிக்குப் போய்விடுவார், பார்த்துக்கொள்.

இனி உன் திருப்பூர்க்காரர் விஷயம். நீ சாஃப்ட்வேர் செய்துகொடுக்கும் அந்த கார்மென்ட் கம்பெனி முதலாளி ஓயாமல் போன் செய்கிறார், எப்படி நிறுத்துவது என்று கேட்டிருந்தாய். ஒரு வாரத்து அழைப்புகளை நேரம், நிமிடம், கேட்ட கேள்வி என்று எழுதி அனுப்பினாயே, அதுதான் இந்தக் கடிதத்துக்கே ஆதாரம். மொத்தம் 31 அழைப்பு. சராசரி 9 நிமிடம் என்றால் நாலரை மணி நேரத்துக்கு மேல் போகிறது. ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் விட்ட இடத்தைப் பிடிக்கக் கால் மணி ஆகிறது என்கிறாய். அதையும் சேர்த்தால் வாரத்துக்கு 12 மணி நேரம், அதாவது ஒன்றரை வேலை நாள். நாலு மாதம், ஆறு லட்ச ரூபாய் என்று பேசிய வேலையில் இது சின்ன ஓட்டை இல்லை.

ஆனால் அந்தக் கணக்கைவிட, அவர் கேட்ட கேள்விகள்தான் முக்கியம். 31-ல் 19 அழைப்பு ஒரே கேள்வி: "எது வரைக்கும் வந்திருக்கு?" 7 அழைப்பில் ஏதோ ஒரு மாற்றம் சொல்லியிருக்கிறார். 4 அழைப்பு ஏற்கனவே அனுப்பிய லிங்கையோ பாஸ்வேர்டையோ தேடி. நிஜமான அவசரம் ஒன்றே ஒன்று. அந்த 19-ல் பெரும்பாலானவை காலை ஒன்பதரையிலிருந்து பத்தேகாலுக்குள்ளும் மாலை ஆறு, ஏழு மணிக்கும் வந்திருக்கின்றன. காலையில் அவர் கம்பெனிக்குள் ஒரு சுற்று வரும் நேரம் அது. மாலையில் அன்றைய கட்டிங் எவ்வளவு, ஸ்டிச்சிங் எவ்வளவு என்று ரிப்போர்ட் வரும் நேரம். லைனில் எத்தனை மெஷின் ஓடுகிறது என்று கண்ணால் பார்த்தே பழகிய மனிதருக்கு உன் வேலை மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால்தான் போன். மூன்று லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஐந்து வாரமாக ஒரு ஸ்கிரீன்கூடப் பார்க்காமல் இருக்கிறார் என்பதையும் மறக்காதே. முதலில் இதைச் சரிசெய்யாமல் விதி பேசப் போனால், "பணத்தை வாங்கிட்டு போனையும் எடுக்க மாட்டேங்கிறான்" என்றுதான் அவர் காதில் விழும்.

அதனால் திங்கட்கிழமையிலிருந்து விதி எதுவும் பேசாமல் ஒன்றே ஒன்று செய். தினமும் காலை 9.15-க்கு வாட்ஸப்பில் நாலு வரி போடு. ஒன்பதரைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் இதன் உயிர். அவர் கேட்ட பிறகு அனுப்பினால் அது பதில்தான். கேட்பதற்கு முன்னால் போனால்தான் கேள்வியே எழாது. இப்படி இருக்கட்டும்:

"நேற்று முடிந்தது: நிட்டிங் யூனிட்டுக்கு நூல் அனுப்பும் என்ட்ரி.
இன்று நடப்பது: துணி திரும்பி வரும் என்ட்ரி, கிலோ வித்தியாசக் கணக்கு.
உங்களிடம் வேண்டியது: டையிங்கில் எத்தனை சதவீதம் குறைவை ஏற்கலாம்? புதன் மாலைக்குள் சொல்லுங்கள்.
தேதி: மாற்றம் இல்லை."

கடைசி வரியை எந்த நாளும் விடாதே. அவர் உண்மையில் தேடுவது அதைத்தான். மூன்றாவது வரி உனக்குக் காப்பு. தாமதம் அவர் பக்கம் இருந்தால் அது தேதியோடு பதிவாகிவிடும், நீ குற்றம் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. வெள்ளிக்கிழமை மாலை, முடிந்த வரைக்கும் டெஸ்ட் லிங்கில் ஏற்றி, அவரே ஒரு என்ட்ரி போட்டுப் பார்க்கும்படி அனுப்பு. அரைகுறையாக இருந்தாலும் அனுப்பு. "இன்னும் அழகு பண்ணலை" என்று பிடித்து வைப்பதால்தான் சந்தேகம் வளர்கிறது.

இரண்டாவது வெள்ளிக்கிழமை நேரில் போ. விதிகளை மெசேஜில் அனுப்பாதே, எழுத்தில் படித்தால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். அங்கே போய், 31 அழைப்பு என்று நீ எண்ணி வைத்ததைச் சொல்லவே சொல்லாதே. அவருக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து ஆரம்பி: அவரிடம் ஆடை வாங்கும் பையர். வெளிநாட்டில் இருக்கும் பையர் தினமும் ஆறு தடவை போன் செய்வதில்லை. ஏன்? டைம் அண்ட் ஆக்‌ஷன் சார்ட் என்று ஒன்று இருக்கிறது. சாய நிறம் பார்க்கும் லேப் டிப் எந்தத் தேதி, உற்பத்திக்கு முன் காட்டும் பி.பி. சாம்பிள் எப்போது அப்ரூவல், கட்டிங் எப்போது, ஷிப்மென்ட் எப்போது என்று எல்லாம் தேதி போட்டு, ஆர்டரைக் கவனிக்கும் அவருடைய மெர்ச்சன்டைசர் அனுப்பிக்கொண்டிருப்பார். உன் திருப்பூர்க்காரர் தினமும் அந்த ஒழுங்குக்குள் வாழ்கிற மனிதர். உன் வேலையையும் அதே வடிவத்தில் போட்டுக் கொடு. ஸ்கிரீன் டிசைனை அவர் பார்த்து "ஓகே" சொல்வது பி.பி. சாம்பிள் அப்ரூவல் மாதிரி. கோடிங் ஆரம்பிப்பது மொத்தத் துணியையும் வெட்டும் பல்க் கட்டிங் மாதிரி. கட்டிங் முடிந்த பிறகு கழுத்துப் பட்டியான நெக் ரிப்பை மாற்றச் சொன்னால் என்ன செலவு, எத்தனை நாள் தள்ளும் என்று நீ அவருக்கு விளக்க வேண்டியதே இல்லை.

அதன் பிறகு இப்படிச் சொல்: "சார், உங்க வேலைக்குன்னு தனியா நேரம் ஒதுக்கி வைக்கலாம்னு இருக்கேன். திங்கள், வியாழன் ரெண்டு நாளும் இருபது நிமிஷம் உங்க கூட மட்டும். காலைல பத்தரையா, சாயங்காலம் அஞ்சா, உங்களுக்கு எது தோது?" நேரத்தை அவர் தேர்ந்தெடுக்கட்டும். அவர் சொன்ன நேரத்தை அவரே மீறுவது கஷ்டம். இடையில் வருவதெல்லாம் வாட்ஸப் குரூப்பில், நாலு மணி நேரத்துக்குள் பதில். மூன்று விஷயத்துக்கு மட்டும் எந்நேரமும் கூப்பிடலாம்: சாஃப்ட்வேர் திறக்கவே இல்லை, போட்ட என்ட்ரி காணாமல் போனது, ஒருவர் பார்க்கக் கூடாத கணக்கை இன்னொருவர் பார்க்கிறார். அவசரம் என்றால் என்ன என்று இப்படிப் பெயர் சொல்லி வரையறுக்காவிட்டால், அவருக்கு எல்லாமே அவசரம்தான்.

இன்னொன்று. உன் குறிப்பைப் பார்த்தால் 31-ல் ஒன்பது அழைப்பு அவருடைய மகனும் அக்கவுன்டன்டும் செய்தவை. மூவரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். "உங்க பக்கத்துல யார் முடிவு சொன்னா நான் எடுத்துக்கலாம்?" என்று கேட்டு ஒரு பெயரை வாங்கிக்கொள். பெரும்பாலும் மகனைத்தான் காட்டுவார். அப்படியே விட்டுவிடு, ஆனால் திங்கள் அழைப்பில் பெரியவரும் இருக்கட்டும். அவரை ஒதுக்கிவிட்டதாகத் தோன்றினால் மறுநாளே பழையபடி போன் வரும்.

எல்லாவற்றையும் "ரெண்டு வாரம் இப்படிப் பார்ப்போம் சார், தோதுப்படலைன்னா மாத்திக்கலாம்" என்று முடி. நிரந்தர விதிக்கு யோசிப்பவர்கூட இரண்டு வாரத்துக்குச் சரி என்பார். அன்று மாலையே, பஸ்ஸில் வரும்போதாவது, பேசியதை எட்டு வரியில் மெயில் போட்டு "சரி" என்று ஒரு பதில் வாங்கிவிடு.

அவர் மீறத்தான் செய்வார், அதுவும் முதல் வாரத்திலேயே. அங்கேதான் பலரும் தோற்கிறார்கள். நாலு தடவை எடுக்காமல் விட்டு ஐந்தாவது தடவை எடுத்தால், ஐந்து தடவை அடித்தால் எடுப்பான் என்று நீயே கற்றுக்கொடுத்த மாதிரி. முதல் அழைப்பிலேயே, எடுக்காமல், பத்து நிமிடத்துக்குள் எழுது: "சார், உங்க வேலைலதான் இருக்கேன். அந்த மூணுல ஒண்ணா? இல்லைன்னா நாலு மணிக்கு நானே கூப்பிடுறேன்." சொன்ன நாலு மணிக்கு, ஒரு நிமிடம் தவறாமல், நீ கூப்பிட வேண்டும். ஒரு தடவை மறந்தாலும் எல்லாம் போச்சு. அவருடைய நம்பிக்கை உன் கடிகாரத்தில்தான் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்குப் பதில் எழுதும் பழக்கத்தையும் விடு. எழுதி வைத்துக்கொண்டு காலையில் அனுப்பு. வாட்ஸப் பிசினஸில் அலுவலக நேரத்துக்குப் பிறகு தானாகப் பதில் போகும்படி வைக்கலாம். ஆனால் அதில் அவசரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்ற வரியும் இருக்க வேண்டும், இல்லையென்றால் கதவைச் சாத்தியது மாதிரி இருக்கும்.

வழக்கமான அழைப்பில் பேசும்போது ஒரு மாற்றம் சொன்னால் மறுக்காதே, உடனே ஒத்துக்கொள்ளவும் செய்யாதே. "குறிச்சுக்கிட்டேன் சார், எத்தனை நாள், எவ்வளவு ஆகும்னு குரூப்ல போடுறேன், நீங்க ஓகே போட்டதும் ஆரம்பிக்கிறேன்." இந்த ஒரு வாக்கியத்துக்கே ஏழு மாற்றத்தில் மூன்று நாலு தானாக உதிர்ந்துவிடும். எழுத்தில் பார்க்கும்போது அது தேவையா என்று அவரே யோசிப்பார்.

மூன்றாவது வாரம் மறுபடியும் ஒரு வாரக் கணக்கு எடு. வரம்பு மீறிய அழைப்பு ஐந்தாறுக்குள் இருந்தால் போதும், பூஜ்யத்துக்கு ஆசைப்படாதே. அப்போதும் இருபதுக்கு மேல் இருந்தால், அவருக்குத் தினமும் பேசுவது நிஜமாகவே தேவைப்படுகிறது என்று எடுத்துக்கொண்டு அதற்கு விலை சொல். தினம் 15 நிமிடம், மாதம் 20 வேலை நாள் என்றால் 5 மணி நேரம். அதை ரூபாயாக்கி, "தினமும் பேசணும்னா இவ்வளவு கூடுதல், வாரம் ரெண்டுன்னா இப்ப இருக்கிற ரேட்டே" என்று இரண்டையும் முன்னால் வை. கோபமாகச் சொல்லாதே, துணி ரேட் சொல்கிற குரலில் சொல்.

ஒன்று மட்டும் நேர்மையாகப் பார்த்துக்கொள். நீ சொன்ன தேதிகளில் இரண்டு ஏற்கனவே தவறியிருக்கின்றன. அந்த நாட்களுக்கு அடுத்தடுத்துதான் அழைப்பு கூடியிருக்கிறது, உன் தாளிலேயே தெரிகிறது. நேரில் போகும் முன் ஒரு தேதியையாவது காப்பாற்றிக் காட்டு. நூல் என்ட்ரி, துணி என்ட்ரி இரண்டையும் முடித்து, அவர் கையால் ஒரு உண்மையான டெலிவரி சலானைப் போடவைத்து, கிலோ வித்தியாசம் திரையில் வருவதைக் காட்டிவிட்டு, அதன் பிறகு நேரத்தைப் பற்றிப் பேச்செடு.

சார்ட்டை ஏ3 தாளில், தமிழில், பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுபோ. அவர் மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஷிப்மென்ட் தேதிகள் ஒட்டியிருக்கும், அதற்குப் பக்கத்தில் ஒட்டச் சொல். முடிந்த வரிசையை ஒவ்வொரு வெள்ளியும் அவர் மகனே பேனாவால் டிக் பண்ணட்டும். போய் வந்ததும் என்ன சொன்னார் என்று எழுது, அந்த எட்டு வரி மெயிலை அனுப்பும் முன் எனக்கும் காட்டு.

அன்புடன்,
முரளி