நாலாம் வகுப்புக்கு ஓகே ஆயிடுச்சு டீ!

அன்புள்ள செல்வி,

இவ்வளவு நாளா ஒரு வரி கூட எழுதலைன்னு நீ கோபமா இருப்பேன்னு தெரியும், திட்டுறதெல்லாம் நேர்ல வச்சுக்கோ. அம்மாவுக்கு முட்டி வலி குறைஞ்சிருக்கு, வீட்ல எல்லாரும் நலம். பெரியக்கா போன வாரம் தேக்காவுல என்னைப் பார்த்துட்டு உன்னைப் பத்திதான் கேட்டுச்சு, அந்த இடியாப்ப விஷயத்தை இன்னும் மறக்கலை.

இப்ப மேட்டருக்கு வர்றேன். அந்த ப்ரொபோசலை நேத்து பிரின்ஸிபல், ரெண்டு வீ.பி., தாய்மொழித் துறைத் தலைவர் எல்லார் முன்னாடியும் வச்சுட்டேன். நாலாம் வகுப்புத் தமிழ்ல வாரத்துக்கு ஒரு பாடவேளை பயிற்சித்தாள் இல்லாம முழுக்க உரையாடல். அவ்வளவுதான் கேட்டது. நாலு நாலு பிள்ளையா உட்கார்ந்து ஒரு சின்ன வீடியோ பார்த்துட்டு, ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்டுப் பேசணும், டீச்சர் ஒவ்வொரு வாரமும் ஒரு குழுவோட மட்டும் உட்காருவாங்க. பி.எஸ்.எல்.இ. தமிழ்ல 200க்கு 50 வாய்மொழி, அதுலயும் 30 உரையாடலுக்கு, ஆனா நாம அதை ஆறாம் வகுப்புலதான் பரபரன்னு ஆரம்பிக்கிறோம். வீட்ல இங்கிலீஷே பேசுற பிள்ளை அப்ப எங்கேருந்து வாய் திறக்கும் சொல்லு?

கூடுதல் பாடவேளை வேணும்னு கேட்கவே கூடாதுன்னு முதல்லயே முடிவு பண்ணிட்டேன். உனக்கே தெரியும், சீனம் மலாய் தமிழ் மூணும் ஒரே நேரத்துல பிரிஞ்சு போறோம், தமிழுக்கு அரை மணி நேரம் நகர்த்தினா மத்த ரெண்டு மொழியோட டைம்டேபிளும் சேர்ந்து நகரும், யாரு ஒத்துப்பாங்க? அதனால இருக்குற பாடவேளைக்குள்ளயே இலக்கணப் பயிற்சித்தாள் ஒன்னை எடுத்துட்டு இதை வச்சோம். இதை முதல் ஸ்லைடுலயே போட்டேன், டைம்டேபிள் பார்க்குற வீ.பி. முகம் அப்பவே தெளிஞ்சிடுச்சு.

பைலட் மூணாம் தவணையில, பத்து வாரம். என் வகுப்புல 16 பேர் புது முறை, பக்கத்து வகுப்புல 17 பேர் வழக்கம் போல. ஆரம்பத்துல ஒரு உரையாடல் பதிவு, கடைசியில ஒன்னு. பெத்தவங்ககிட்ட பேரன்ட்ஸ் கேட்வேல சம்மதம் வாங்கித்தான் பண்ணினோம். எல்லாப் பதிவையும் கலந்துபோட்டு, பேர் இல்லாம வெறும் நம்பர் மட்டும் வச்சு, இந்த ரெண்டு வகுப்பும் எடுக்காத ஒரு டீச்சர்கிட்ட மார்க் போடக் கொடுத்தோம். எது முன்னாடி எடுத்தது, எது பின்னாடி எடுத்ததுன்னு கூட அவங்களுக்குத் தெரியாது. நானே மார்க் போட்டிருந்தா ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டாங்க, நம்பவும் கூடாது.

என் வகுப்பு சராசரி 30க்கு 15லேருந்து 20க்குப் போச்சு. இதைப் பார்த்ததும் நம்ம துறையில ஒருத்தங்க, 'அஞ்சு மார்க் ஏறிடுச்சுன்னு பெரிய எழுத்துல போடு'ன்னாங்க. போடலை. ஏன்னா பக்கத்து வகுப்பும் 16லேருந்து 18க்கு வந்திருக்கு. பத்து வாரத்துல பிள்ளைங்க வளருதுங்க, ரெண்டாவது தடவை மைக்கைப் பார்த்தா பயமும் குறையுது, அதுக்கான ரெண்டு மார்க்கை நான் எப்படி என் முறைக்குக் கணக்கு எழுதுறது? அந்த ரெண்டைக் கழிச்சு மூணுன்னுதான் சொன்னேன். அந்த மூணும் 33 பிள்ளைங்களை வச்சு வந்ததுதான், வேற வகுப்புல கூடலாம் குறையலாம்னும் சொல்லிட்டேன். பிரின்ஸிபல் அங்க பேனாவைக் கீழ வச்சுட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார், அதுக்கப்புறம் நான் சொன்ன எதையும் சந்தேகமா கேட்கலை.

அவருக்குத் தமிழ் தெரியாதில்லையா, அதனால ஒரே பையனோட ரெண்டு பதிவைப் போட்டுக் காட்டினேன். வீடியோவுல புளோக் கீழ்த்தளத்துல ஒரு தாத்தா பூனைக்குச் சாப்பாடு வைக்கிறார். முதல் பதிவுல 'என்ன நடக்குது?'ன்னு கேட்டதும் ரொம்ப நேரம் சத்தமே இல்லை, நாற்காலி கிறீச்சுங்குது, அப்புறம் 'பூனை'. அவ்வளவுதான். கடைசிப் பதிவுல வேற வீடியோ, கேள்வி முடியுறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டான்: 'அந்த ஆன்ட்டி ட்ரே எடுத்து வைக்கலை, அது தப்பு, ஆனா அவங்க கையில பாப்பா இருக்கு, அதனால நான் போய் எடுத்து வைப்பேன்.' நான் மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கலை செல்வி, அந்த அமைதியோட நீளமே அவருக்குப் புரிஞ்சுது. வீட்ல தமிழ் பேசாத ஏழு பேர்ல அஞ்சு பேர் இப்படி ஒத்தைச் சொல்லுலேருந்து வாக்கியத்துக்கு வந்திருக்காங்க. ரெண்டு பேர் அசையலை, அதையும் காட்டினேன்.

இறங்கினது ஒன்னு இருக்கு, சொல்வதெழுதுதல். என் வகுப்புல 10க்கு ஒரு மார்க் கிட்ட குறைஞ்சிருக்கு, எல்லாம் அந்த ர ற, ல ள ழ தான். கட்டுரையிலயும் இலக்கணத்துலயும் ரெண்டு வகுப்புக்கும் வித்தியாசம் இல்லை, ஆனா வீ.பி. இதைப் பிடிச்சுக்கிட்டாங்க, பிடிக்கத்தானே செய்வாங்க. பேசுறப்ப காதுல விழுற சொல்லு கண்ணுல படுறதில்லை, பயிற்சித்தாள்ல அது தானா நடந்துக்கிட்டிருந்துச்சு. அதனால கடைசி அஞ்சு நிமிஷம் அவங்கவங்க பேசினதுலேருந்தே அஞ்சு சொல்லை எழுதிப் பார்க்கணும்னு சேர்த்திருக்கேன். பிரின்ஸிபல் கேட்டதுதான் இன்னும் கஷ்டம். 'நல்லா வந்தது முறையாலயா, இல்ல நீங்க எடுத்ததாலயா?' இந்தப் பைலட்டை வச்சு அதுக்குப் பதில் சொல்லவே முடியாது டீ, ஏன்னா புது முறையை எடுத்தது நான் ஒருத்திதான். அதனாலதான் அடுத்த கட்டத்துல நான் எடுக்கப் போறதில்லைன்னு ஏற்கனவே எழுதி வச்சிருந்தேன், அந்த ஸ்லைடைத் திருப்பினேன்.

நடைமுறைப் படிகளை அப்படித்தான் எழுதினேன், பைலட்ல எது ஓட்டையோ அதை அடைக்கிற மாதிரி ஒவ்வொரு படி. டிசம்பர்ல டைம்டேபிள் பூட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு டீச்சர்ங்க என் வகுப்புல வந்து உட்கார்ந்து பார்ப்பாங்க. ஜனவரியிலேருந்து அவங்க எடுப்பாங்க, நான் வழக்கமான வகுப்பை எடுத்துக்கிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பேன். முதல் தவணை முடிவுல சொல்வதெழுதுதலை மட்டும் பார்ப்போம். இரண்டாம் தவணை முடிவுல எல்லாத்தையும் பார்த்துட்டு, கட்டுரை மார்க் ஒப்பிடுற வகுப்பை விட இறங்கியிருந்தா நிறுத்திடுவோம். நிறுத்துறதுக்கான கோட்டை நாமே எழுதிக் கொடுத்தா அவங்களுக்குச் சரின்னு சொல்றது சுலபமாகுது, அங்க அதைக் கண்ணால பார்த்தேன்.

முடிவு: நாலாம் வகுப்புக்குச் சரி. அஞ்சாம் வகுப்புக்கு இப்போதைக்கு இல்லை, ஜூன்ல ரிசல்ட்டைப் பார்த்துட்டுப் பேசலாம்னுட்டாங்க. எனக்கு அந்த அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்களை நெனச்சாதான் மனசு அடிச்சுக்குது, அந்த அசையாத ரெண்டு பேரும் அடுத்த வருஷம் அங்கதான் இருப்பாங்க, இந்த வகுப்பும் கிடைக்காது. அவங்களுக்கு என்ன பண்றதுன்னு நேத்து ராத்திரி பூரா யோசனை. பாடவேளைக்கு வெளியில வாரத்துக்குக் கொஞ்ச நேரம் நானே உட்கார்ந்து பேசலாமான்னு பார்க்குறேன், நீ உன் ஸ்கூல்ல இப்படிப் பேசாத பிள்ளைங்களை என்ன பண்றே?

இன்னொன்னு, நீ எடுத்து வச்சிருக்கியே அந்த ஈரச்சந்தை, பஸ் ஸ்டாப் வீடியோவெல்லாம், அதை அப்படியே அனுப்பு. இங்க இருக்குறதுல பாதி பிள்ளைங்களுக்கு மனப்பாடம் ஆயிடுச்சு, ஜனவரி சோதனைக்கு யாரும் பார்க்காத வீடியோ வேணும். கேள்வி நானே எழுதிக்கிறேன். மறந்துட்டேன்னு சொன்னா பெரியக்காகிட்ட சொல்லிடுவேன்.

அன்புடன்,
மீனா