தூசி தட்டியதற்கா காசு? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"கிருஷ்ணகிரியில் ஆர்மோனியப் பெட்டியைக் கொடுத்தேன், ரீட்டைச் சுரண்டக்கூட இல்லை, தூசி தட்டிவிட்டு ஸ்ருதி சேர்த்ததாகக் காசு வாங்கிவிட்டார்கள்" என்று ஒரு குரல் பதிவு பஜனைக் குழுக்களில் சுற்றுகிறது. எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். ரீட் எனும் பித்தளை நாக்கை நான் சுரண்டவில்லை என்பது உண்மைதான். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெட்டியில் நடு ஸ்தாயி காந்தாரம் இறங்கியிருந்தது. ஸ்டாப்பை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒரு ரீட் வரிசை சுத்தமாகப் பேசியது, மற்றதில் லேசான கரகரப்பு. இரண்டையும் சேர்த்து வாசித்தால் சத்தம் நொடிக்கு மூன்று முறை ஏறி இறங்கி அலை அடித்தது. ரீட் பலகையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், பித்தளை நாக்கின் நுனியில் விளக்குப் புகையும் கற்பூரக் கரியும் பிசுக்காகப் படிந்து, அதன்மேல் நம்மூர் கிரானைட் தூசி எள்ளளவு அப்பியிருந்தது.

நுனியில் கனம் ஏறினால் நாக்கு மெதுவாக ஆடும், ஸ்ருதி இறங்கும். நுனியைச் சுரண்டினால் அப்போதைக்கு ஏறிவிடும். ஆனால் அந்தப் பிசுக்கு என்றாவது உதிருமே? அன்றைக்குக் காந்தாரம் எகிறி நிற்கும். அதை இறக்க ஆணி அடித்த பக்கம் சுரண்ட வேண்டும். இரண்டு பக்கமும் மெலிந்த நாக்கு எத்தனை நாள் தாங்கும்? சுரண்டிய பித்தளையைத் திரும்ப ஒட்டவும் முடியாது. அதனால் நாக்குக்குக் கீழே மெல்லிய பிளேடைக் கொடுத்து, பிரஷ்ஷால் ஆணிப் பக்கமிருந்து நுனி நோக்கித் துடைத்தேன். அலை நின்றுவிட்டது. 39 கட்டை, இரண்டு வரிசை, மொத்தம் 78 ரீட்டையும் இப்படிப் பார்ப்பதற்குப் பெயர் தூசி தட்டுவது என்றால், சரி, தட்டினேன்.

சத்தம் கரகரத்தாலோ தாமதமாக வந்தாலோ பெரும்பாலும் அழுக்குதான். தெளிவாகப் பேசியும் அலை அடித்தால்தான் சுரண்டும் வேலை. வீட்டில் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரத்தில் பித்தளை பச்சை பூக்கும். எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

துருத்தி இழுக்கும் காற்றோடுதான் தூசியும் ரீட்டுக்குப் போகிறது. அதனால் பெட்டியைப் பாயில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். துருத்தியை முழுக்கத் திறந்து அடிக்காமல், பாதி திறந்து, உள்துருத்தி தணிவதற்குள் அடுத்த அழுத்தம் கொடுங்கள். அடி சீராக இருந்தால் ஸ்ருதியும் ஆடாது. கூடத்தைப் பெருக்குவதற்கு முன் பெட்டியை மூடிவிடுங்கள்.

கூத்து முடிந்த கையோடு பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் பெட்டியைப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவருபவர்களே, பதிவைக் கேட்டதும் எனக்காகப் பேசியவர்களே, உங்களுக்கு என் நன்றி.

அப்புறம், கடைப் பையன் சொந்த ஊருக்குப் போய்விட்டதால் பெட்டியைச் சரிசெய்து தர இப்போது மூன்று வாரம் ஆகிறது, கூலியும் 800 ரூபாயிலிருந்து 1,100 ஆகியிருக்கிறது. மார்கழிக்கு வேண்டும் என்பவர்கள் கார்த்திகை பிறந்ததும் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கடைக்காரர்