எல்லா அம்மையும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை அம்மை பற்றி நீங்கள் வெளியிட்ட குறிப்பைப் படித்தேன். குரங்கம்மையையும் அதில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். நம் டெல்டாவில் உடம்பில் கொப்புளம் கண்டாலே அம்மை என்று வாசலில் வேப்பிலை செருகிவிடுகிறோம். சின்னம்மைக்குப் பழகிய அதே முறையைக் குரங்கம்மைக்கும் வைத்துக்கொண்டால், பார்த்துக்கொள்பவருக்குத்தான் ஆபத்து.

மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் வளைகுடாவிலிருந்து ஒருவர் விடுமுறைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து பத்து நாள் கழித்துக் காய்ச்சல், உடம்புவலி. கழுத்திலோ அரையிடுக்கிலோ நெறி கட்டுகிறது. பிறகு முகத்திலும் கைகால்களிலும் கொப்புளம் எழுகிறது. வீட்டில் என்ன செய்வோம்? ஏற்கெனவே அம்மை கண்ட அத்தையையோ அக்காவையோ பக்கத்தில் உட்கார வைப்போம், அவர்களுக்கு மறுபடி வராது என்று. சின்னம்மைக்கு அது பெரும்பாலும் சரி. குரங்கம்மை வேறு குடும்பத்து வைரஸ். பழைய சின்னம்மையோ அதற்கான தடுப்பூசியோ இதைத் தடுக்காது. கொப்புளத்தைத் தொடுவது, அவர் படுத்த பாயையும் உடுத்திய துணியையும் வெறுங்கையால் அள்ளுவது, ஒரே படுக்கையில் படுப்பது, உடலுறவு, இவற்றால் தொற்றும். மற்ற வீட்டார் தள்ளி இருக்க, சேவை செய்பவர்தான் அகப்பட்டுக்கொள்கிறார்.

கொப்புளத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். சின்னம்மையில் அவை மேலோட்டமாக, நீர்த்துளி போல இருக்கும், மார்பு, முதுகு, தலையில் அதிகம், நல்ல அரிப்பு. ஒரே இடத்தில் ஒன்று சிவந்த தடிப்பாகவும், பக்கத்தில் ஒன்று நீர் கோத்தும், இன்னொன்று காய்ந்தும் இருக்கும். குரங்கம்மையில் அழுத்தினால் கெட்டியாக, தோலுக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கும், பலவற்றின் நடுவில் சிறு குழி தெரியும், வலி அதிகம். ஒரு பகுதியில் உள்ளவை பெரும்பாலும் ஒன்றாகவே பழுத்து, ஒன்றாகவே காயும். உள்ளங்கை, உள்ளங்காலிலும் வரும். சின்னம்மை அங்கே வருவது குறைவு. நெறி கட்டுவதும் முக்கியமான அடையாளம்.

ஆனால் இதை மட்டும் நம்பிவிடக் கூடாது. 2022-ல் உலகெங்கும் பரவியபோது பலருக்குப் பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ ஓரிரு புண் மட்டுமே இருந்தது. அவையும் ஒரே பருவத்தில் இல்லை. கொப்புளத்தைத் துடைத்தெடுத்தோ, பொருக்கை எடுத்தோ பிசிஆர் பரிசோதனை செய்தால்தான் உறுதி.

அப்புறம் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது. சின்னம்மை ஒரு வாரம் போல ஆனதும் எல்லாம் பொருக்காகிவிடும். அதோடு தொற்றும் நின்றுவிடும். குரங்கம்மையில் பொருக்கிலும் வைரஸ் உண்டு. பொருக்கெல்லாம் தானாக உதிர்ந்து, அடியில் புதுத்தோல் வரும்வரை, அதாவது இரண்டிலிருந்து நான்கு வாரம் தனியே இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்று பிள்ளைகளோடு சேர்ந்து படுக்க விடக் கூடாது.

அடுத்த முறை இரண்டு கொப்புளங்களின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். உள்ளங்கைப் படம் கட்டாயம் இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திருவாரூர் மாவட்டம்