ஒரே நாளில் பல் கேப், அப்புறம் நான்கு மாத அலைச்சல்

வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவுக்கு வணக்கம்.

இது என் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில் வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. நீங்கள் போட்ட கேப்புக்கு அடியில் பல் அழுகுகிறது என்று சொன்னேன்.

என் கீழ்க் கடைவாய்ப் பல் பின்பக்கத்தில் ஈறுக்குக் கீழே வரை உடைந்திருந்தது. அச்சு எடுத்து லேபுக்கு அனுப்பினால் இரண்டு வாரம், ஸ்கேன் எடுத்தால் இன்றைக்கே கேப் என்றீர்கள். சரி என்றேன். பல்லைச் செதுக்கியதும் பின்பக்க ஈறிலிருந்து ரத்தம் வந்தது. பஞ்சால் ஒற்றிவிட்டு உடனே கேமராவை வாய்க்குள் விட்டார்கள். திரையில் மற்ற பக்கமெல்லாம் கேப் வந்து உட்கார வேண்டிய விளிம்பு தெளிவாகத் தெரிந்தது, பின்பக்கம் மட்டும் சிவப்பாகக் குழம்பிக் கிடந்தது. கேட்டேன். "சாஃப்ட்வேரே கோடு போட்டுக்கும்" என்றார் உதவியாளர். ஊதா நிறக் கட்டியை மெஷின் கால் மணி நேரத்தில் கேப்பாகக் கடைந்து தள்ளியதையும், சூளையிலிருந்து அது பல் நிறத்தில் வெளியே வந்ததையும் வேடிக்கை பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை.

மூன்றாம் நாளே அந்த இடுக்கில் உணவு சிக்க ஆரம்பித்தது. ஃப்ளாஸ் நூலை விட்டால் நார் நாராகக் கிழிந்து வந்தது, கூடவே நாற்றம். முதல் முறை வந்தபோது மேலே கொஞ்சம் தேய்த்து அனுப்பினீர்கள். அடுத்த முறை மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தீர்கள். மூன்றாவது முறை, நீங்களே கொடுத்த நேரத்துக்கு விடுப்பு போட்டு வந்து உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் டாக்டர் அன்றைக்கு வரவே மாட்டார் என்று தெரிந்தது. அப்போது வரவேற்பு மேசையில் இருந்த அம்மா தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னது: "எல்லாருக்கும் நல்லாத்தானே இருக்கு, உங்களுக்கு மட்டும் என்ன?" பல் சரியாகிவிடும், அந்த வாக்கியம் என் காதை விட்டுப் போகாது.

பிறகு வேறொரு டாக்டரிடம் போனேன். அவர் கூர்மையான கருவியை விளிம்போடு இழுத்ததும் பின்பக்கத்தில் 'டக்' என்று மாட்டி நின்றது. எக்ஸ்ரேயில் கேப்புக்கும் பல்லுக்கும் நடுவே படி மாதிரி ஓர் இடைவெளி. நல்ல கேப்பில் அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவைத் தாண்டக் கூடாதாம். என்னுடையது என் கண்ணுக்கே தெரிந்தது. உள்ளே சிமெண்ட் கரைந்து, பல் மெத்தென்று ஆகியிருந்தது.

கேப்பை வெட்டி எடுத்து, சொத்தையைச் சுரண்டி, அந்த இடத்தை அடைத்த பிறகு அவர் செய்ததைக் கவனியுங்கள். மருந்தில் நனைத்த மெல்லிய நூலைப் பல்லைச் சுற்றி ஈறுக்குள் செருகிச் சில நிமிடம் காத்திருந்தார். ரத்தம் நின்றது, ஈறு விலகியது. நூலை எடுத்ததும் இளகிய சிலிக்கானை அந்தப் பள்ளத்தில் ஊசியால் விட்டு, மேலே கெட்டியான கலவை நிரப்பிய தட்டை அழுத்தி அச்சு எடுத்தார். லேபில் அந்த அச்சில் என் பல்லின் மாதிரியைக் கல்லாக வார்த்து, விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்துக் கேப்பைச் செய்தார்கள். இரண்டு வாரம் ஆனது. நடுவில் தற்காலிகக் கேப் ஒரு முறை கழன்றும் விழுந்தது. இப்போது ஃப்ளாஸ் முழுசாக வெளியே வருகிறது.

லேப் கேப்தான் உசத்தி, ஸ்கேன் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த டாக்டரும் சொல்லவில்லை. "கேமராவுக்கு வெளிச்சம் படுகிற இடம்தான் தெரியும். ரத்தத்தை நிறுத்தி, ஈறை விலக்கிவிட்டு எடுத்திருந்தால் அந்த ஸ்கேனே போதும். ரத்தத்தோடு எடுத்தால் என் அச்சும் கெட்டுத்தான் போகும்" என்றார். மெஷினை வாங்கி வைத்திருக்கும் உங்களுக்கு இது தெரியாதா? தெரியும். ஈறு ஆறட்டும், இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்றால் 'ஒரே நாள்' போய்விடுமே! அதற்காக என் பல்லைப் பலி கொடுத்தீர்கள். நான்கு மாதமாக ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டதில் வாழ்க்கையே ருசி கெட்டுவிட்டது.

தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். நான் கட்டிய தொகை முழுவதும், மறுபடி கேப் போட்ட செலவும் வேண்டும். என் ஸ்கேன் கோப்பின் நகலும் வேண்டும். சிவப்புக் குழப்பத்தின் மேல் கோடு ஓடுவதை நீங்களே அதில் பார்க்கலாம். 15 நாளில் பதில் இல்லையென்றால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். எக்ஸ்ரேயும், வெட்டி எடுத்த கேப்பின் இரண்டு துண்டுகளும் ஒரு டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன.

பேச வேண்டுமென்றால் தொலைபேசியில் கூப்பிடுங்கள். அந்த அம்மா மட்டும் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் வாடிக்கையாளர்