யாருடைய கண்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு மொழியைச் சரளமாகப் பேசும் கடைசி மூதாட்டியையும், அவர் பேச்சைப் பதிவு செய்ய வரும் இளம்பெண்ணையும் பற்றிச் சென்ற இதழில் வந்த சிறுகதையை இரண்டு முறை படித்தேன். பல ஆண்டுகள் இதே களப்பணியில் இருந்தவள் என்பதால் சில வார்த்தைகள்.

அந்தக் 'கண்' காட்சி அப்படியே உண்மை. முதல் நாள் அந்தப் பெண் தன் கண்ணைத் தொட்டுக் கேட்கிறாள், ஒரு சொல் வருகிறது. மறுநாள் பாட்டியின் கண்ணைக் காட்டிக் கேட்டால் வேறு சொல். தான் தப்பாகக் கேட்டுவிட்டதாக நினைத்து முந்தியதை அடித்துவிடுகிறாள். மூன்றாம் நாள் ஒரு படத்தை நீட்டியதும், "யாருடைய கண்?" என்று பாட்டி திருப்பிக் கேட்கிறார். அடித்தது 'உன் கண்', எழுதியது 'என் கண்' என்று அப்போதுதான் அவளுக்குப் பிடிபடுகிறது. கிரேட் அந்தமானிய மொழிகளிலும் இப்படித்தான். உடலுறுப்பை உடையவர் இல்லாமல் சொல்ல முடியாது என்று மொழியியலாளர் அன்விதா அப்பி விரிவாக எழுதியிருக்கிறார். சொற்பட்டியலை மட்டும் நம்பிப் போகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

பதிவைப் போட்டுக் காட்டும்போது, பாட்டி தன் குரலுக்கே பதில் சொல்லத் தொடங்கும் இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ வருஷம் கழித்து அந்த மொழி வெளியிலிருந்து அவர் காதில் விழுகிறது. அந்தமானின் அகா-போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர், 2010இல் இறக்கும்வரை, பேச ஆளில்லாமல் பறவைகளோடு பேசிக்கொண்டிருந்தார் என்பார்கள்.

ஆனால் ஒரு குறை. பாட்டியின் தம்பி மகள் கதை முழுக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். "அவளுக்குப் புரியும், பேச வராது" என்று ஒரே வரியில் கதாசிரியர் அவளைக் கடந்துவிடுகிறார். அவளை அல்லவா பாட்டியின் எதிரில் உட்கார வைத்திருக்க வேண்டும்! கேட்பவருக்கு மொழி தெரியாதபோது, பேசுபவர் பாடம் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார். புரிந்துகொள்கிற ஒருவர் எதிரே இருந்தால்தான் கேள்வி வரும், அதட்டல் வரும், பாதியில் விட்ட வாக்கியம் வரும். பதில் வேறு மொழியில் வந்தாலும் பரவாயில்லை.

இதே தவற்றை நானும் செய்தேன். என்னிடம் ஒரு பெரியவரின் குரல் நாற்பது மணி நேரம் இருக்கிறது. கதை உண்டு, பாட்டு உண்டு, மீன்களின் பெயர்கள் உண்டு. 'இங்கே வா', 'ஏன் தாமதம்?' என்று யாரையும் பார்த்துச் சொன்ன ஒரு வாக்கியம்கூட அதில் இல்லை. அவர் மருமகள் தினமும் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே கூப்பிட எனக்குத் தோன்றியபோது, பெரியவருக்குப் பேச்சு நின்றுவிட்டிருந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகி