விசிறி ஓடுகிறது, சார்ஜர் ஏன் நின்றது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பேட்டரி அறையில் விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதே சார்ஜர் தானாக நின்றுவிடுகிறது என்று சிலர் அழைத்திருந்தீர்கள். அது பழுதல்ல, நாங்கள் அப்படித்தான் அமைத்திருக்கிறோம்.

தண்ணீர் ஊற்றும் பேட்டரி நிறையும் தறுவாயில் ஹைட்ரஜனைக் கக்கும். காற்றில் அது 4 சதவீதத்தை எட்டினால் சுவிட்சில் எழும் பொறியே பற்றவைத்துவிடும். எனவே 1 சதவீதத்தைத் தாண்டவிடக் கூடாது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

விடுதியாக மாறிய ஒரு செட்டிநாட்டு வீட்டில் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ட்யூப்ளர் பேட்டரிகள் 16 இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 96 செல்கள். அறை எந்தப் பக்கம் அளந்தாலும் 3 மீட்டர். வேகச் சார்ஜின் கடைசிக் கட்டத்தில் மணிக்கு ஏறத்தாழ 120 லிட்டர் ஹைட்ரஜன் வரும் என்று கணக்கிட வேண்டும். அறையை அடைத்து வைத்தால் இரண்டேகால் மணி நேரத்தில் 1 சதவீதம் வந்துவிடும். பேட்டரி பாதுகாப்புக்கான சர்வதேச விதியான ஐ.இ.சி. 62485-2, அந்த 4 சதவீத எல்லைக்கு ஐந்து மடங்கு பாதுகாப்பு சேர்த்து, மணிக்கு 14.4 கன மீட்டர் வெளிக்காற்று கேட்கிறது. குளியலறை விசிறி ஒன்றே இதைவிட அதிகம் தள்ளும். ஏ.சி. உதவாது, அது உள்ளே இருக்கும் காற்றைத்தான் சுற்றவிடுகிறது.

சிக்கல் அளவில் இல்லை, இடத்தில் இருக்கிறது. ஹைட்ரஜன் மேலே ஏறும். நம் வீடுகளின் தேக்கு உத்திரங்களுக்கு இடையே உள்ள பள்ளங்களில் போய்த் தங்கிக்கொள்ளும். உத்திரத்துக்குக் கீழே துளை போட்டால் அந்த வாயு சரியாக வெளியேறாது. அதனால்தான் ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் உறிஞ்சும்படி குழாய் ஓட்டுகிறோம். பார்க்க அழகாக இல்லை என்பது எங்களுக்கும் தெரியும்.

சார்ஜர் தொடங்கும்போதே விசிறியும் தொடங்கும். சார்ஜர் நின்ற பிறகும் ஒரு மணி நேரம் ஓடும். குழாயில் உள்ள காற்றோட்ட சுவிட்ச், விசிறிக்கு மின்சாரம் போகிறதா என்று பார்ப்பதில்லை. காற்று நகர்கிறதா என்று பார்க்கிறது. வெளிவாயில் வலையில் தூசி அடைத்திருந்தாலும், குருவி கூடு கட்டியிருந்தாலும், மழைச்சாரலுக்குப் பயந்து யாரேனும் சாக்கை வைத்து மூடியிருந்தாலும் விசிறி சுற்றும், காற்று போகாது. அப்போது சார்ஜர் நிற்கும். முதலில் அந்த வலையைப் பாருங்கள்.

ஹைட்ரஜன் சென்சார் இரண்டாவது காவல். பற்றும் அளவான 4 சதவீதத்தை அதன் திரை 100 என்று காட்டும். ஆகவே 25 என்றால் காற்றில் 1 சதவீதம்: அறை வாசலில் ஒலிப்பான் ஒலிக்கும். 50 என்றால் 2 சதவீதம்: சார்ஜர் துண்டிக்கப்பட்டு வரவேற்பறையில் மணி அடிக்கும். சென்சாரின் கம்பி அறுந்தாலும் இதே மணிதான். அளவு இறங்கினாலும் கையால் பொத்தானை அழுத்தும்வரை சார்ஜ் மீண்டும் தொடங்காது. மணி அடித்தால் அறை விளக்கின் சுவிட்சைத் தொடாதீர்கள். விசிறியை ஓடவிட்டு எங்களை அழையுங்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறோம். சிலிகோன் பசையின் ஆவி பட்டால் இவ்வகைச் சென்சார் செயலிழந்து, எவ்வளவு வாயு இருந்தாலும் 0 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அளந்து நிரப்பிய சோதனை வாயுவைக் கொண்டுதான் அதைக் கண்டுபிடிக்க முடியும். சிகரெட் லைட்டரைக் காட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. அறைக்கு அருகே கதவு, கண்ணாடி வேலை நடக்கப்போகிறது என்றால் முன்னதாகச் சொல்லுங்கள். வந்து சென்சாரைக் கழற்றி வைத்து, வேலை முடியும்வரை சார்ஜையும் நிறுத்தி வைக்கிறோம்.

இப்படிக்கு,
பேட்டரி மற்றும் சூரிய மின்சாரப் பராமரிப்புப் பிரிவு,
காரைக்குடி