26-ஆம் தேதி எடுத்த இரண்டாயிரம்

அன்புள்ள கண்ணு,

நலம்தானே? அம்மாவும் அமுச்சியும் சுகம். இங்கே அவிநாசிப் பக்கம் இன்னும் மழை இல்லை, காற்றுதான் ஆளைத் தள்ளுகிறது.

ஸ்கூட்டர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட நீ அனுப்பிய காகிதங்கள் வந்து சேர்ந்தன. சம்பளச் சீட்டும் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கூடவே இருந்ததால் பிரித்துப் பார்த்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. முப்பது வருடம் பனியன் கம்பெனியில் சம்பளக் கணக்கு எழுதிய கைக்குச் சீட்டைப் பார்த்தால் முதலில் பிடித்தம்தான் கண்ணில் படும். பி.எஃப். சரி. அதற்குக் கீழே "முன்கூட்டிய ஊதியம்" என்று ஒரு வரி. ஜூன் மாதம் 9,000 ரூபாயும், கட்டணமாக 173 ரூபாய் 46 காசும். ஸ்டேட்மென்ட்டில் தேடினால் அந்த ஒன்பதாயிரம் மூன்று தவணையாக உனக்கு வந்திருக்கிறது: 12-ஆம் தேதி 4,000, 21-ஆம் தேதி 3,000, 26-ஆம் தேதி 2,000.

போனில் அம்மா காதில் விழும்படி இதைப் பேச வேண்டாம் என்றுதான் கடிதம். உன் கம்பெனி சேர்த்துவிட்ட ஆப் அது, வேலை பார்த்த நாட்களுக்கான கூலியில் பாதி வரை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், வட்டியே கிடையாது என்று நீ ஒரு முறை சொன்னது நினைவிருக்கிறது. வட்டி கிடையாது என்பது பொய்யில்லை. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் 49 ரூபாய் கட்டணம், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 57 ரூபாய் 82 காசு. ஒரு டீயும் ரெண்டு பஜ்ஜியும் தின்றால் ஆகிற காசு என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

அப்புறம் பழைய பழக்கத்தில், நம்மூரில் வட்டி பேசுகிற மாதிரி போட்டுப் பார்த்தேன். நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்பதுதானே நம் கணக்கு. 12-ஆம் தேதி எடுத்த நாலாயிரம் ஜூலை 1 சம்பளத்தில் பிடிக்கப்பட்டது, அதாவது 19 நாள் உன் கையில் இருந்தது. அதற்கு 58 ரூபாய் என்றால் மாதத்துக்கு இரண்டேகால் வட்டி. சரி, ஊரில் கைமாற்றாக வாங்கினாலும் அவ்வளவு ஆகும். 21-ஆம் தேதி எடுத்த மூவாயிரம் பத்தே நாள்தான். அதே 58 ரூபாய், ஆனால் வட்டி ஆறுக்குப் பக்கம். 26-ஆம் தேதி எடுத்த இரண்டாயிரம் ஐந்தே நாள். நூற்றுக்கு ஐந்து நாளில் 2 ரூபாய் 89 காசு. முப்பது நாளுக்குப் பெருக்கினால் பதினேழு ரூபாய்க்கு மேல் வருகிறது. வருடக் கணக்கில் சொன்னால் 211 சதவீதம். பதினேழு வட்டிக்கு ஒருவன் பணம் தருகிறேன் என்று வாசலில் வந்து நின்றால் உன் அமுச்சி விளக்குமாற்றை எடுத்திருப்பாள்.

கட்டணம் மாறவே இல்லை பார். தொகை சின்னதாகி, சம்பள நாள் நெருங்க நெருங்க, அதே 58 ரூபாய் கனத்துக்கொண்டே போகிறது. மூன்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் நாலரை வட்டி. இந்த ஆப்பில் நிறையப் பேர் எடுப்பது இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மாதக் கடைசியில், கொஞ்சம் கொஞ்சமாக. கையில் காசு தீர்வது அப்போதுதானே.

இதற்காக, வட்டி குறையும் என்று முன்னாடியே எடுத்து வைத்துக்கொள்ளாதே. ஒரு தடவைக்குப் போவது 58 ரூபாய்தான், எந்தத் தேதியில் எடுத்தாலும். மூன்று தடவையை ஒரே தடவையாக்கினால் 116 ரூபாய் மிச்சம், அவ்வளவுதான்.

ஆனால் என்னை உறுத்தியது கட்டணம் இல்லை. ஏப்ரலிலும் ஒன்பதாயிரம், மே மாதமும் ஒன்பதாயிரம், ஜூனிலும் ஒன்பதாயிரம். தொகை ஏன் மாறவில்லை என்று பின்னால் புரட்டினேன். மார்ச் 25-ஆம் தேதி ஒரே தடவையாக 9,000 எடுத்திருக்கிறாய். மறுநாள் என் கணக்குக்கு 9,000 வந்திருக்கிறது. அமுச்சியின் கண் ஆபரேஷனுக்கு நீ அனுப்பியது. "சேமிப்பில் இருந்தது அப்பா" என்றாய்.

அன்றைக்கு விழுந்த குழிதான் இன்னும் இருக்கிறது. கைக்கு வருவது 24,000. ஏப்ரல் 1-ஆம் தேதி ஒன்பதாயிரம் பிடித்துக்கொண்டு 15,000-க்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. ஹாஸ்டலுக்கு 7,500, எங்களுக்கு 5,000 போக இரண்டாயிரத்துச் சொச்சம். அது எட்டாம் தேதிக்கு மேல் தாங்காது. மறுபடி ஆப்பைத் திறக்கிறாய். நீ புதிதாக எதற்கும் செலவு செய்யவில்லை கண்ணு. ஒரே ஒன்பதாயிரத்தை மாதாமாதம் திரும்ப எடுத்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறாய், ஒவ்வொரு சுற்றுக்கும் 173 ரூபாய் தண்டம். இப்படியே விட்டால் வருடத்துக்கு 2,080 ரூபாய் போகும், அசலில் ஒரு ரூபாய் குறையாது.

எங்கள் கம்பெனியிலும் இதைப் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம். நீளமான நோட்டில் பெயர், பீஸ் கணக்கு, கூலி, கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் அட்வான்ஸ். ஓவர்லாக் அடிக்கிற ஒருவர் ஒவ்வொரு புதன்கிழமையும் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். ஐந்நூறு ரூபாய். சனிக்கிழமை பிடித்தம், அடுத்த புதன் மறுபடி. கம்பெனி ஒரு பைசா கட்டணம் வாங்கவில்லை, வட்டியும் இல்லை. இருந்தும் இரண்டு வருடம் அந்தச் சிவப்பு எழுத்து மாறவில்லை. காரணம் கேட்டபோது, ஒரு தீபாவளிக்கு வாங்கிய ஐந்நூறு என்றார். ஓசியாகக் கிடைத்ததற்கே அந்தக் கதி.

பிடித்தத்துக்குச் சட்டத்தில் எல்லை உண்டு. 1936-ஆம் வருட ஊதியம் வழங்கும் சட்டம் கூலியில் பொதுவாகப் பாதிக்கு மேல் பிடிக்கக்கூடாது என்றது, புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பாதிக் கணக்கு இருக்கிறது. ஆனால் மீதிப் பாதியில் ஹாஸ்டல் வாடகை அடங்குமா என்று எந்தச் சட்டமும் பார்க்காது.

இதை எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. தவணை தேதி ஐந்து, சம்பளம் ஏழாம் தேதிதான் வரும், கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் பேங்க் ஒரு பக்கம், கடன் கொடுத்தவர் ஒரு பக்கம் நூற்றுக்கணக்கில் பிடிப்பார்கள் என்கிற நிலையில், 58 ரூபாய் கொடுத்து அதைத் தவிர்ப்பது கெட்டிக்காரத்தனம். அடுத்த மாதம் அதே தொகையைத் திரும்ப எடுக்கவேண்டி வருமா என்பதை மட்டும் எடுக்கும்போதே யோசி. வரும் என்றால் அது அட்வான்ஸ் இல்லை, கடன்.

இன்னொன்றும் ஸ்டேட்மென்ட்டில் பார்த்தேன். மே மாதம் வேறு ஒரு ஆப்பிலிருந்து ஒரு ரூபாய் வந்திருக்கிறது. கணக்கு சரிதானா என்று பார்க்கப் போட்டிருப்பார்கள், நீ மேலே போகவில்லை போல. நல்லதாயிற்று. அதுவும் "சம்பள அட்வான்ஸ்" என்று பெயர் வைத்துக்கொண்டு வரும், ஆனால் உன் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. பின்னால் ஒரு நிதி நிறுவனம் இருக்கும், அது கொடுப்பது தனிநபர் கடன். திருப்பி எடுப்பது சம்பளத்தில் இல்லை, உன் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள நீ கொடுக்கிற அனுமதியில். சம்பளம் இரண்டு நாள் தள்ளிப்போனால் உன் கம்பெனி ஆப்புக்குப் பிரச்சினை இல்லை, சம்பளம் வரும்போது பிடித்துக்கொள்ளும். இங்கே பணம் இல்லாமல் திரும்பும், அபராதம் விழும், சிபிலிலும் ஏறும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. பத்தாயிரம் கடன், மாதம் இரண்டரை வட்டி, முப்பது நாள். பிராசசிங் கட்டணம் 500, ஜி.எஸ்.டி. 90, அதை முதலிலேயே கழித்துக்கொண்டு 9,410 தருவார்கள். நம் ஊரில் முன்வட்டி பிடித்துக் கொடுப்பது என்போமே, அதே வேலைதான். முப்பதாம் நாள் நீ கட்டுவது 10,250. வாங்கியதற்கும் கட்டியதற்கும் வித்தியாசம் 840. ஆக, இரண்டரை என்று சொன்ன வட்டி கிட்டத்தட்ட ஒன்பது.

இதைக் கண்டுபிடிக்க நீ கால்குலேட்டர் தட்டக்கூட வேண்டாம். ரிசர்வ் வங்கி போட்டிருக்கிற டிஜிட்டல் கடன் விதிப்படி, கையெழுத்துக்கு முன்பே முக்கியத் தகவல் அறிக்கை என்று ஒரு தாள் தர வேண்டும். அதில் `APR` என்று ஒரு வரி இருக்கும், கட்டணமெல்லாம் சேர்த்த வருட வட்டி. மேலே சொன்ன கடனுக்கு அது 108-க்குப் பக்கம் வரும். விளம்பரத்தில் இருக்கிற எண்ணைப் பார்க்காதே, அந்த எண்ணைப் பார். அந்தத் தாளே இல்லை, பின்னால் இருக்கும் நிதி நிறுவனத்தின் பெயரும் தெரியவில்லை என்றால் ஆப்பை அழித்துவிடு. அவசரத்தில் வாங்கித் தொலைத்துவிட்டாலும், குறைந்தது ஒரு நாளாவது மனம் மாறித் திருப்பிக் கட்ட அவகாசம் தர வேண்டும் என்பதும் இப்போது விதி. அபராதம் இருக்காது, பிராசசிங் கட்டணம் வேண்டுமானால் போகலாம்.

இப்போது நம் குழிக்கு வருகிறேன். ஜூலை மாதமும் ஆகஸ்ட் மாதமும் எங்களுக்கு ஐயாயிரம் அனுப்பாதே. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், எனக்கு வருகிற பென்ஷனும் பால் காசும் போதும். ஜூலையில் உன் கைக்கு வந்தது 14,827. எங்களுக்கு அனுப்புவதை விட்டால் உன் செலவு 19,000. நாலாயிரம் குறையும், அதை மட்டும் ஒரே தடவையாக எடு. இருநூறு ரூபாய் போல இடிக்கும், அதைச் சமாளித்துக்கொள். ஆகஸ்ட் 1-ஆம் தேதி 19,942 வரும். செலவு 19,000. ஆப்பைத் திறக்க வேண்டியிருக்காது. செப்டம்பர் 1-ஆம் தேதி முழுச் சம்பளமும் வரும், அன்றைக்கு ஐயாயிரம் அனுப்பு, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

இந்த மாதம் எங்களுக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டாய் என்றால் உடனே சொல், திருப்பிப் போட்டுவிடுகிறேன்.

ஸ்கூட்டர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தேதி எழுதவில்லை. செப்டம்பர் சம்பளச் சீட்டை அனுப்பு, அதில் அந்த வரி இல்லை என்றால் அன்றைய தேதியைப் போட்டு அனுப்புகிறேன். அமுச்சிக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது. நேற்று ஊசியில் அவளே நூல் கோத்தாள். பணம் எங்கிருந்து வந்தது என்று அவளிடம் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா